உறைக்குள் நான்கு தாள்: எதில் கையெழுத்துப் போடலாம்?

வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா. கோவை கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் 2014 ஜூன் மாதம் சேர்ந்தேன். குவாலிட்டியில் வேலை, பதவி அசிஸ்டென்ட் என்ஜினீயர், மாதம் 30,000 ரூபாய். கம்பெனியில் 140 பேர் இருக்கிறோம். ஆர்டர் குறைந்துவிட்டது என்று இந்த ஜனவரி 12ஆம் தேதி என்னையும் இன்னும் நான்கு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு உறை கொடுத்தார்கள். 31ஆம் தேதியோடு வேலை முடிகிறது என்று ஒரு கடிதம், 2,14,154 ரூபாய்க்கு ஒரு கணக்குத் தாள், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு பத்திரம், என் பெயரில் டைப் செய்த ராஜினாமா கடிதம். மாதக் கடைசிக்குள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடாவிட்டால் கருணைத்தொகை 90,000 கிடையாது என்கிறார் ஹெச்.ஆர். நாங்கள் ஸ்டாஃப் என்பதால் லேபர் சட்டம் வராது என்றும் சொல்கிறார். நூறு பேருக்கு மேல் இருந்தால் அரசாங்க அனுமதி வாங்காமல் அனுப்ப முடியாது என்கிறான் நண்பன். முதலாளி என் கல்யாணத்துக்கு வந்தவர், அவரோடு கோர்ட்டுக்குப் போக மனசில்லை. பையனுக்குப் பிப்ரவரியில் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடலாமா?

பதில்

நீங்கள் அனுப்பிய படங்களை முழுவதும் படித்தேன். இப்போது இருக்கிற நிலையில் நான்கில் இரண்டு தாள்களில் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமாவில் எந்த நிலையிலும் வேண்டாம். பத்திரத்தில், கணக்கைச் சரிசெய்து வாசகத்தையும் மாற்றிக் கொடுத்தால் போடலாம். வேலை முடிவுக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்துப் போடுவதில் தவறில்லை. அது வாங்கிக்கொண்டதற்கான அடையாளம்தான், ஒப்புதல் ஆகாது. கணக்குத் தாளுக்கு வருகிறேன். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன் தேதிகளைக் கவனியுங்கள். வேலை முடிவுக் கடிதம் ஜனவரி 12. உங்கள் பெயரில் டைப் செய்த ராஜினாமாவில் போட்டிருப்பது டிசம்பர் 31. டிசம்பரிலேயே வேலையை விட்ட ஒருவரை ஜனவரியில் கம்பெனி எப்படி நிறுத்தும்? இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியாது. நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் கம்பெனி கோப்பில் ராஜினாமா தங்கும், 12ஆம் தேதிக் கடிதம் காணாமல் போகும். அதனால் அந்தக் கடிதத்தின் அசலை வீட்டில் வையுங்கள். உறையோடு எல்லாத் தாளையும் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே ஒன்று அனுப்பி வையுங்கள்.

ராஜினாமா ஏன் வேண்டாம்

'ராஜினாமா என்று இருந்தால் அடுத்த வேலைக்கு நல்லது, நிறுத்தினார்கள் என்றால் பெயர் கெடும்' என்று ஹெச்.ஆர். சொன்னதாகக் கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். உங்களை நிறுத்துவது எந்தத் தப்புக்காகவும் அல்ல. ஆர்டர் குறைவு என்று கடிதத்திலேயே காரணம் எழுதியிருக்கிறார்கள். சட்டத்தில் இதற்குப் பெயர் ஆட்குறைப்பு. கணபதி, பீளமேடு, சிட்கோ பக்கம் பம்ப், மோட்டார் தொழிலில் இருக்கிற யாரும் ஆட்குறைப்பில் வந்தவரைக் குறையாகப் பார்க்க மாட்டார்கள். சீசன் எப்படி ஏறி இறங்கும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

தானாக விலகுகிறவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ கிடையாது. திரும்ப ஆள் எடுக்கும்போது கூப்பிட வேண்டும் என்கிற உரிமையும் கிடையாது. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, மட்டும்தான் ராஜினாமாவிலும் நிற்கும். அந்த ஒரு தாளில் நீங்கள் விடுவது எவ்வளவு என்று கீழே கணக்கில் தெரியும்.

நீங்கள் தொழிலாளியா, ஸ்டாஃபா

ஸ்டாஃப் என்று சம்பளச் சீட்டில் போட்டால் சட்டம் விலகிவிடாது. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிற்தகராறு சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டமோ புதியதோ, பார்ப்பது பதவியின் பெயரை அல்ல, கையால் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை. தொழில்நுட்ப வேலை, எழுத்து வேலை, இயந்திர வேலை செய்கிற எல்லாரும் தொழிலாளிகள்தான். அவர்களுக்குச் சம்பள வரம்பும் இல்லை. இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் நிர்வாகத்தில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு மேற்பார்வை செய்பவர்களும்.

உங்கள் வேலையை நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்க்கிறேன். ஃபவுண்டரியிலிருந்து வருகிற பம்ப் பாடியையும் இம்பெல்லரையும் வெர்னியர், போர் கேஜ் வைத்து அளக்கிறீர்கள். ஊசித்துளை, விரிசல் இருந்தால் தள்ளுகிறீர்கள். ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். இது தொழில்நுட்ப வேலை. கம்பெனி தரப்பு பிடிக்கக்கூடிய ஒரே இடம், உங்களிடம் வேலை கற்றுக்கொள்கிற இரண்டு அப்ரண்டிஸ் பையன்கள். 'அவர் சூப்பர்வைசர், சம்பளம் 30,000' என்று வாதாடுவார்கள். அப்போது கேள்வி இதுதான்: அந்தப் பையன்களுக்கு லீவு கொடுப்பது யார், மெமோ கொடுப்பது யார், சம்பளம் ஏற்றச் சொல்வது யார்? இதில் ஒன்றும் உங்கள் கையில் இல்லை என்றால் நீங்கள் வேலை சொல்லிக்கொடுக்கிற மூத்த தொழிலாளி, அவ்வளவுதான். லீவு ஃபாரத்தில் 'பரிந்துரை' என்ற இடத்திலாவது உங்கள் கையெழுத்து இருந்திருக்கிறதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்தால் எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்போது நான் முதல்முறையாகப் பார்க்கக் கூடாது.

இந்த இடத்தில் நான் நூற்றுக்கு நூறு உறுதி தர மாட்டேன். உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது, ஆனால் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. கீழே பேரம் பற்றிச் சொல்லும்போது இதை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

அரசாங்க அனுமதி

நண்பர் சொன்னது சில மாதங்களுக்கு முன்புவரை சரி. பழைய சட்டத்தில் நூறு தொழிலாளர் இருந்தாலே ஆட்குறைப்புக்கு முன்அனுமதி வேண்டும். புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை 300. உங்கள் கம்பெனியில் 140 பேர் என்பதால் அனுமதி தேவையில்லை. அதை வைத்து வாதாடினால் நம் பேச்சின் மற்ற பகுதியும் எடுபடாமல் போகும். ஆனால் அனுமதி வேண்டாம் என்பதற்காக நினைத்த மாதிரி அனுப்பலாம் என்று ஆகாது. காரணம் எழுதிய ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அந்த மாதச் சம்பளம், வருடத்துக்கு 15 நாள் சராசரி ஊதியம் என்ற இழப்பீடு, அரசுக்குத் தகவல் ஆகிய மூன்றும் எத்தனை பேர் இருந்தாலும் உண்டு. முன்னறிவிப்பும் இழப்பீடும் வேலையை விட்டு அனுப்புவதற்கு முன் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க முடியாது.

கணக்குத் தாள்

கம்பெனி போட்டிருப்பது இப்படி: ஜனவரி சம்பளம் 30,000, மீதி விடுப்பு 18 நாளுக்கு 18,000, பணிக்கொடை 76,154, கருணைத்தொகை 90,000. கூட்டினால் 2,14,154. கூட்டல் சரிதான். உள்ளே போட்ட எண்கள்தான் சரியில்லை.

முதலில் பணிக்கொடை. கம்பெனி உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த 12,000 ரூபாயை எடுத்து, 26 நாளால் வகுத்து, 15 நாளுக்குப் பெருக்கி, 11 வருடத்துக்குக் கணக்கிட்டிருக்கிறது. வருடமே தப்பு. நீங்கள் 11 வருடம் 8 மாதம் வேலை செய்திருக்கிறீர்கள். ஆறு மாதத்தைத் தாண்டிய பகுதி முழு வருடமாக எண்ணப்படும். ஆகவே 12.

அடுத்தது சம்பளம். உங்கள் சம்பளச் சீட்டில் 12,000 போக வீட்டு வாடகைப்படி 6,000, போக்குவரத்துப்படி 3,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 9,000 என்று இருக்கிறது. புதிய சட்டத்தொகுப்புகளில் 'ஊதியம்' என்பதன் பொருள் மாறியிருக்கிறது. ஊதியத்தில் சேராதவை எவை என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். வாடகைப்படியும் போக்குவரத்துப்படியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஸ்பெஷல் அலவன்ஸ் என்ற பெயர் அதில் இல்லை. என் வாசிப்பில் உங்கள் ஊதியம் 30,000 கழித்தல் 9,000, அதாவது 21,000.

கம்பெனியின் ஆடிட்டர் ஸ்பெஷல் அலவன்ஸையும் வெளியே தள்ளுவார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவரால் 12,000 ரூபாயில் நிறுத்த முடியாது. வெளியே தள்ளுகிற படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, தாண்டுகிற தொகையை ஊதியத்தோடு திரும்பச் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். உங்களுக்குத் தள்ளுவது 18,000, பாதி என்பது 15,000, தாண்டியது 3,000. அதைச் சேர்த்தால் ஊதியம் குறைந்தது 15,000. எந்தப் பக்கம் புரட்டினாலும் அதற்குக் கீழே போக வழியில்லை.

இழப்பீடு என்ற வரியே கணக்குத் தாளில் இல்லை. அந்த இடத்தில்தான் 'கருணைத்தொகை 90,000' உட்கார்ந்திருக்கிறது. வருடத்துக்கு அரை மாத ஊதியம் வீதம் 12 வருடத்துக்கு ஆறு மாத ஊதியம் உங்களுக்கு வர வேண்டும். 15,000 என்று எடுத்தால் 90,000. 21,000 என்று எடுத்தால் 1,26,000. கருணை என்று பெயர் வைத்துக் கொடுப்பது, குறைந்தபட்சக் கணக்கில்கூட சட்டம் கொடுக்கச் சொல்கிற பணமேதான். இதை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அந்தத் தொகையை இழந்துவிடுவோம் என்ற பயத்தில்தான் உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

முன்னறிவிப்புச் சம்பளமும் கணக்கில் இல்லை. 12ஆம் தேதி கடிதம் கொடுத்து 31ஆம் தேதி முடித்தால் ஒரு மாதம் ஆகாது. ஆகாத முன்னறிவிப்புக்குப் பதில் ஒரு மாத ஊதியம் வர வேண்டும். வேலைக்குச் சேரும்போது கொடுத்த நியமனக் கடிதத்தில் அதைவிடக் கூடுதலான நோட்டீஸ் காலம் எழுதியிருந்தால் அதையே கேட்கலாம். அந்தக் கடிதத்தை நீங்கள் எனக்கு அனுப்பவில்லை. தேடிப் பாருங்கள்.

விடுப்புக் கணக்கை அப்படியே ஒத்துக்கொண்டு கூட்டினால் இப்படி வரும்:

- ஊதியம் 15,000 என்றால்: சம்பளம் 30,000, விடுப்பு 18,000, பணிக்கொடை 1,03,846, இழப்பீடு 90,000, முன்னறிவிப்பு 15,000. மொத்தம் 2,56,846.
- ஊதியம் 21,000 என்றால்: சம்பளம் 30,000, விடுப்பு 18,000, பணிக்கொடை 1,45,385, இழப்பீடு 1,26,000, முன்னறிவிப்பு 21,000. மொத்தம் 3,40,385.

கம்பெனி கொடுப்பதாகச் சொல்வது 2,14,154. கம்பெனிக்கு மிகவும் சாதகமான கணக்கிலேயே 42,692 ரூபாய் குறைகிறது. என் கணக்கில் 1,26,231. உங்கள் உரிமைகளையெல்லாம் விட்டுக்கொடுக்க அவர்கள் தருகிற விலை என்ன என்று கேட்டால், இப்போதைக்கு ஒன்றுமே இல்லை. பாக்கியைக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் பாக்கியே இல்லை என்று எழுதிக் கேட்கிறார்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். ஆட்குறைப்பு செய்யப்பட்ட தொழிலாளிக்கு மறுதிறன் நிதி என்று 15 நாள் ஊதியத்தை முதலாளி செலுத்த வேண்டும். 45 நாளுக்குள் அது உங்கள் கணக்குக்கு வர வேண்டும். இது இழப்பீட்டுக்கு மேற்பட்டது. அப்புறம் பி.எஃப். அது உங்கள் பணம், கம்பெனி 'உதவி செய்து' தர வேண்டியதில்லை. வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதிவு செய்யாமல் இழுத்தடித்தாலும் இரண்டு மாதத்துக்குப் பிறகு உங்கள் யூ.ஏ.என். கணக்கில் நீங்களே பதிவு செய்யலாம்.

பத்திரத்தில் உள்ள மூன்று வரிகள்

பத்திரத்தின் இரண்டாவது பத்தி, 'பணிக்காலம் தொடர்பாகவும் பணி முடிவு தொடர்பாகவும் எனக்குத் தெரிந்த, தெரியாத எல்லாக் கோரிக்கைகளையும் விட்டுக்கொடுக்கிறேன்' என்கிறது. இப்படி எழுதி வாங்கினாலும் சட்டப்படியான சம்பளத்தை விட்டுக்கொடுத்தது செல்லாது. ஊதியச் சட்டத்தொகுப்பு அதை நேராகவே சொல்கிறது. பணிக்கொடையையும் கையெழுத்து வாங்கிக் குறைக்க முடியாது என்பதே நீதிமன்றங்களின் போக்கு. ஆனால் 'என்னை நிறுத்தியதே தவறு, திரும்ப வேலை வேண்டும்' என்ற கோரிக்கை வேறு. பணத்தை வாங்கிக்கொண்டு, படித்துப் புரிந்து, விருப்பத்தோடு எழுதிக் கொடுத்தீர்கள் என்று கம்பெனி நிரூபித்தால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும். வற்புறுத்தி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். அது எளிதல்ல.

உங்களுக்கு அப்படி ஒரு கோரிக்கை இருக்கிறதா? இருக்கிறது போலத்தான் தெரிகிறது. 2021இல் சேர்ந்த இருவர் அதே குவாலிட்டி பிரிவில், அதே வேலையில் தொடர்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே பிரிவில் ஆளைக் குறைக்கும்போது கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது பொதுவிதி. அதை மீறினால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படிக் காரணம் எதுவும் இல்லை. அந்த இருவருக்கும் அளவு பார்க்கிற சி.எம்.எம். மிஷின் ஓட்டத் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்று கம்பெனி சொல்லலாம். அது ஏற்கத்தக்க காரணமாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது அவர்கள். இன்னொன்று, ஒரு வருடத்துக்குள் அந்த வேலைக்குத் திரும்ப ஆள் எடுத்தால் உங்களைக் கூப்பிட்டு வாய்ப்புத் தர வேண்டும். கோடைக்கு முன் பம்ப் ஆர்டர் திரும்புவது இந்த ஊரில் புதிதல்ல. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் அந்த உரிமையும் சேர்ந்து போகிறது.

ஐந்தாவது பத்தியில், இரண்டு வருடத்துக்குக் கோவை மாவட்டத்தில் வேறு பம்ப், மோட்டார் கம்பெனியில் வேலைக்குச் சேர மாட்டேன் என்று இருக்கிறது. வேலையை விட்ட பிறகு பிழைப்பைத் தடுக்கிற இந்த மாதிரி நிபந்தனை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. செல்லாது என்று விட்டுவைக்காதீர்கள், அடிக்கச் சொல்லுங்கள். அடுத்த கம்பெனிக்கு இந்தத் தாளின் நகல் ஒன்று போய்ச் சேர்ந்தால் அவர்கள் சட்டம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

மூன்றாவது, தொகை எழுதும் இடம். '2,14,154 ரூபாய் முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சாகியிருக்கிறது, தேதி வெற்றிடமாக இருக்கிறது. பணம் வங்கிக் கணக்கில் ஏறும் முன் பெற்றுக்கொண்டேன் என்று யாரும் எழுதிக் கொடுக்கக் கூடாது. தேதியை வெற்றாக விட்டும் கொடுக்கக் கூடாது.

கையெழுத்துப் போடாவிட்டால்

'ஒன்றும் கிடைக்காது' என்று பயந்தால் அது தவறு. சம்பளமும் விடுப்புச் சம்பளமும் வேலை முடிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பணிக்கொடை 30 நாளுக்குள். இவை எதுவும் பத்திரத்தோடு கட்டிவைக்கப்பட்டவை அல்ல. பையனின் ஃபீஸுக்கு இந்தப் பணத்தை எதிர்பார்க்கலாம். பணம் கணக்கில் ஏறினால் வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்ப வேண்டாம். 'என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று அன்றே ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும்.

உண்மையில் தள்ளிப்போகக்கூடியது அந்த 90,000தான். அவர்கள் பிடிவாதமாக நிறுத்திவைத்தால் லேபர் ஆபீஸில் சமரச அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டியிருக்கும். அங்கே முடியாவிட்டால் வழக்கு. அதற்கு வருடங்கள் ஆகும். வென்றாலும் இந்தக் காலத்தில் நீதிமன்றங்கள் பல சமயம் வேலையைத் திருப்பித் தராமல் ஒரு தொகையைத்தான் கொடுக்கச் சொல்கின்றன. நீங்கள் சூப்பர்வைசர் என்று முடிவானால் இழப்பீடும் சட்டப்படியான முன்னறிவிப்பும் விழுந்துவிடும். பணிக்கொடை வித்தியாசம் மட்டும் நிற்கும். அந்த நிலையில் 90,000 என்பது உண்மையாகவே கூடுதல் பணம். இந்த அபாயம் இருப்பதால்தான் நேராக வழக்குக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 3,40,385 ரூபாய்க் கணக்கை எழுத்தில் கொடுத்துப் பேச ஆரம்பிப்பேன். அதைக் கொடுத்து, மேலே ஒரு மாதச் சம்பளமாவது சேர்த்தால், மூத்தவர் என்ற கோரிக்கையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவேன். இடையில் எங்கேயாவது நின்றால் வீட்டு நிலைமை, அடுத்த வேலை கையில் இருக்கிறதா என்பதைப் பார்த்து முடிவெடுப்பேன். 2,56,846க்குக் கீழே என்றால் போட மாட்டேன். அது சட்டத்தின் தரைமட்டம்.

முதலாளி நல்லவர் என்பதை நான் சந்தேகப்படவில்லை. கணக்குத் தாளை அவர் பார்த்தே இருக்க மாட்டார் என்பதும் நடக்கக்கூடியதுதான். பழைய சட்டத்துக்குப் போட்டுவைத்த எக்ஸெல் தாளை ஹெச்.ஆர். அப்படியே பயன்படுத்தியிருக்கலாம். அதனால் பேச்சை அவரிடமே ஆரம்பியுங்கள். கணக்கைக் கேட்பது அவரோடு பகைத்துக்கொள்வது ஆகாது. மரியாதையாகக் கேட்கலாம், ஆனால் எழுத்தில் கேளுங்கள். இதை வைத்துக்கொள்ளலாம்:

'ஐயா, 12.01.2026 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. நான் ராஜினாமா செய்யவில்லை, எனவே அந்தக் கடிதத்தில் கையெழுத்திட இயலாது. கணக்கில் பணிக்காலம் 12 வருடம் என்றும், ஊதியம் சட்டத்தொகுப்பின்படியும் திருத்தி, ஆட்குறைப்பு இழப்பீடு, ஒரு மாத முன்னறிவிப்பு ஊதியம் ஆகியவற்றைத் தனி வரியாகக் காட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பிரிவின் பணிமூப்புப் பட்டியலும் வேண்டும். திருத்திய கணக்கைப் பார்த்த பிறகு மற்ற தாள்களைப் பற்றிப் பேசத் தயாராக இருக்கிறேன்.'

இதை ஹெச்.ஆருக்கும் முதலாளிக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். நகலை ஸ்பீட் போஸ்டிலும் போடுங்கள். மற்ற நான்கு பேரும் அவரவர் கணக்கோடு இதே மாதிரி அனுப்பினால் நல்லது. ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு முடிக்கிற வழி அப்போது குறையும்.

பேச்சு முடிந்து ஒப்பந்தம் ஆகிற நிலை வந்தால் கம்பெனி ஆபீஸில் வேண்டாம், லேபர் ஆபீஸில் சமரச அதிகாரி முன்னால் எழுதிக்கொள்ளலாம் என்று கேளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் அது பாதுகாப்பு. கம்பெனி மேல் பிறகு வழக்கு வராது. உங்களுக்கு ஒவ்வொரு வரியும் தொகையோடு தெளிவாக இருக்கும். பத்திரத்தில் பி.எஃப்., பணிக்கொடை, ஒரு வருடத்துக்குள் திரும்பக் கூப்பிடும் உரிமை ஆகியவை விட்டுக்கொடுக்கப்படவில்லை என்ற வரி இருக்கட்டும். அனுபவச் சான்றிதழில் என்ன வாசகம் வரும் என்பதையும் அதோடு இணைத்துவிடுங்கள்.

பேச்சு நீண்டுகொண்டே போனால் ஒரு எல்லை வையுங்கள். சமரசத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்பேன். தாமதமானால் 'அப்போது ஏன் பேசாமல் இருந்தீர்கள்' என்ற கேள்வி வரும்.

31ஆம் தேதி கடைசி நாளில் கேஜ், வெர்னியர், அடையாள அட்டை, சாவி எல்லாவற்றையும் பட்டியல் எழுதி ஒப்படைத்து, பட்டியலின் நகலில் ஸ்டோர் கீப்பரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கருவி திரும்பி வரவில்லை என்று பிடித்தம் போடுவதை நான் பல கணக்குகளில் பார்த்திருக்கிறேன். கம்பெனி மின்னஞ்சலை மூடும் முன் உங்கள் சம்பளச் சீட்டுகளையும் வருகைப் பதிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் வரைபடம், ரிப்போர்ட் எதையும் எடுக்காதீர்கள். அடுத்த முறை வரும்போது நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புக், இந்த நான்கு தாளின் அசல் ஆகியவற்றோடு வாருங்கள்.